பிறக்காத கருவியில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

2020 ஜூலையில் செபாஸ்டியான் ராமிரெஸ் என்ற கொலம்பிய நிரலாளர் ட்விட்டரில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். அண்மையில் ஒரு வேலை விளம்பரம் அவர் கண்ணில் பட்டிருந்தது. ‘ஃபாஸ்ட்ஏபிஐ’ என்ற மென்பொருள் கருவியில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். தன்னால் விண்ணப்பிக்க முடியவில்லை, தனக்கு ஒன்றரை ஆண்டு அனுபவம்தான் இருக்கிறது என்றார் ராமிரெஸ். காரணத்தையும் அதே குறிப்பில் சொல்லியிருந்தார்: அந்தக் கருவியை அவர் உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

உலகம் முழுக்க நிரலாளர்கள் அதைப் பகிர்ந்தார்கள். வேலை தேடிச் சலித்தவர்களுக்கு அந்த ஒரு குறிப்பு போதுமானதாக இருந்தது. வருடக் கணக்கு கேட்டுத் தங்களைத் திருப்பி அனுப்பிய அத்தனை விளம்பரங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டதைப் போல உணர்ந்தார்கள். இன்று வரை ‘அனுபவம் கேட்கும் விளம்பரம்’ பற்றிய மீம்கள் எங்கே திரண்டாலும் இந்தக் கதை அங்கே வந்துவிடுகிறது.

அந்த விளம்பரம் எவ்வளவு தூரம் நடக்காத ஒன்றைக் கேட்டது என்று பார்க்கக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். செல்போனில் ஒரு செயலியைத் திறந்து ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கும்போது, அந்தச் செயலி எங்கோ இருக்கும் சர்வரிடம் கேள்வி கேட்கிறது, சர்வர் பதில் தருகிறது. சர்வர் பக்கத்தில் இருந்து பதில் சொல்லும் அந்த நிரலைப் பைத்தான் மொழியில் விரைவாக எழுத உதவும் கருவிதான் ஃபாஸ்ட்ஏபிஐ. அதன் முதல் பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. விளம்பரம் கேட்ட நான்கு ஆண்டு அனுபவம் ஒருவருக்கு இருக்க வேண்டுமென்றால் அவர் 2016 ஜூலையிலேயே அதில் வேலை பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

2016 ஜூலையில் ஃபாஸ்ட்ஏபிஐ இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. அது இரண்டு கருவிகளின் மேல் கட்டப்பட்டது. ஒன்று, உள்ளே வரும் தகவல் சரியான வடிவில் இருக்கிறதா என்று சோதிக்கும் பைடான்டிக். அது 2017இல் வந்தது. இன்னொன்று, இணையக் கோரிக்கைகளை வாங்கிக் கையாளும் ஸ்டார்லெட். அது 2018இல் வந்தது. ஃபாஸ்ட்ஏபிஐ ஓடுவதற்குக் குறைந்தபட்சம் வேண்டியிருந்த பைத்தான் 3.6 பதிப்பு 2016 டிசம்பரில்தான் வெளியானது. ஆக, விளம்பரம் சுட்டிய அந்த நாளில் கருவியும் இல்லை, கருவியைச் செய்யத் தேவையான பொருள்களும் இல்லை, அவற்றை ஓட்டும் மொழிப் பதிப்பும் இல்லை.

அதே 2020 ஜூலையில் இன்னொரு விளம்பரம் செய்தியானது. ஐ.பி.எம். நிறுவனத்தின் வேலை அறிவிப்பு ஒன்றில் குபர்நெட்டீஸில் 12 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்கள். தொழில்நுட்பச் செய்தித் தளமான ‘தி ரெஜிஸ்டர்’ அதை எடுத்து எழுதியது. ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் நூற்றுக்கணக்கான சர்வர்களில் துண்டு துண்டாகப் பிரிந்து ஓடும். எந்தத் துண்டு எந்தச் சர்வரில் ஓட வேண்டும், ஒன்று செயலிழந்தால் அதன் இடத்தில் இன்னொன்றை எப்படி எழுப்புவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது குபர்நெட்டீஸ். கூகுளில் தொடங்கிய இந்தத் திட்டம் 2014 ஜூனில் உலகுக்கு வந்தது. அதன் 1.0 பதிப்பு வந்தது 2015 ஜூலையில். விளம்பரம் வந்த நாளில் கருவியின் வயது ஆறு. கேட்ட அனுபவம் அதன் இரு மடங்கு.

2020இலிருந்து பன்னிரண்டு ஆண்டு பின்னால் போனால் 2008. குபர்நெட்டீஸ் கையாளும் அந்தத் துண்டுகளுக்குக் ‘கன்டெய்னர்’ என்று பெயர். கன்டெய்னர்களை நடைமுறைக்குக் கொண்டுவந்த டாக்கர் 2013இல்தான் வந்தது. கன்டெய்னருக்கு அடித்தளமாக இருக்கும் ஒரு வசதி லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் சேர்ந்ததே 2008 ஜனவரியில். கூகுளுக்குள் ‘போர்க்’ என்ற அமைப்பு அப்போதே இருந்தது உண்மை, அதில் பெற்ற பாடங்களிலிருந்துதான் குபர்நெட்டீஸ் பிறந்தது. ஆனால் போர்க் கூகுளை விட்டு வெளியே வந்ததே இல்லை. அங்கே அப்போது வேலை பார்த்தவர்கள்கூட அதைக் குபர்நெட்டீஸ் அனுபவம் என்று நேர்மையாக எழுத முடியாது.

இப்படிப்பட்ட எண்கள் எப்படி விளம்பரத்துக்குள் வருகின்றன? விளம்பரம் போட்டவர் வேண்டுமென்றே செய்தார் என்று நினைப்பது எளிது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஐ.டி. துறையில் வேலை தேடும் யாருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலரின் தொலைபேசி உரையாடல் மனப்பாடம். “டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு? ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு? இப்போ சி.டி.சி. என்ன? எவ்வளவு எதிர்பாக்குறீங்க? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?” இதில் முதல் இரண்டு கேள்விகளும் இரண்டு வெவ்வேறு எண்களைக் கேட்கின்றன. டோட்டல் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மொத்த அனுபவம். ரெலவன்ட் என்பது குறிப்பிட்ட கருவியிலோ மொழியிலோ உள்ள அனுபவம். பன்னிரண்டு ஆண்டு துறையில் இருந்த ஒருவருக்குக் குபர்நெட்டீஸில் மூன்று ஆண்டு இருக்கலாம். அது வெகு இயல்பு.

குழுத் தலைவர் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். மூத்த ஆள் வேண்டும், பன்னிரண்டு வருஷமாவது துறையில் இருந்திருக்க வேண்டும், குபர்நெட்டீஸ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று தனித்தனிச் செய்திகள் அதில் இருக்கின்றன. மனிதவளப் பிரிவில் அதை வாங்குபவருக்குக் குபர்நெட்டீஸ் என்பது ஒரு பெயர் மட்டுமே, அதற்கு என்ன வயது என்று தெரிந்திருக்க அவசியமில்லை. அவர் கையில் முந்தைய ஆள்சேர்ப்புக்கு எழுதிய விளம்பரம் ஒன்று இருக்கும். ‘ஜாவாவில் 12+ ஆண்டு அனுபவம்’ என்று அதில் இருந்தால், ஜாவாவை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. ஜாவா 1995இல் அறிமுகமானது, அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கேட்பதில் பிழையில்லை. பெயர் மாறியதும் வாக்கியம் பொய்யாகிவிட்டது, எண் அப்படியே நின்றுவிட்டது. விளம்பரம் வெளியே போகும் முன் அதைக் குழுத் தலைவர் ஒரு முறை படித்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். பல இடங்களில் அந்த ஒரு படிப்புதான் நடப்பதில்லை.

மூத்த நிரலாளர்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். அவர்களுக்கு வேறு வேலை கிடைக்கும். கல்லூரி முடித்து முதல் வேலைக்கு நிற்பவர்களிடம் இதே பழக்கம் வரும்போதுதான் அது கொடுமையாகிறது. அவர்களைச் சந்திக்கும் விளம்பரங்களில் கருவியின் வயதில் சிக்கல் இருக்காது, ஆளின் வயதில்தான் இருக்கும்.

இப்படி ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பு ‘ஃப்ரெஷர் தேவை’. கீழே ‘இந்த ஆண்டு பி.இ. முடித்தவர்கள் மட்டும்’. இன்னும் கீழே ‘ரியாக்ட்டில் குறைந்தது மூன்று ஆண்டு பணி அனுபவம்’. ரியாக்ட் 2013இல் வந்துவிட்டது, கருவியின் வயதைப் பார்த்தால் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பொறியியல் படிப்பு நான்கு ஆண்டு. இந்த ஆண்டு முடித்த ஒருவருக்கு மூன்று ஆண்டு பணி அனுபவம் இருக்க வேண்டுமென்றால் அவர் முதலாம் ஆண்டு முடித்த கையோடு ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, வகுப்பு, ஆய்வகம், அரியர், வைவா எல்லாவற்றுக்கும் நடுவே வேலையையும் விடாமல் பார்த்திருக்க வேண்டும். ஃப்ரெஷர் என்ற சொல்லுக்கே முன்னனுபவம் இல்லாதவர் என்றுதான் பொருள். மூன்று வரிகளில் ஏதாவது ஒன்று பொய்யாக இருந்தால்தான் மற்ற இரண்டும் நிற்கும்.

இது அபூர்வமாக நடப்பதா? லிங்க்ட்இன் தன் தளத்தில் 2017 இறுதியிலிருந்து வந்த ஏறக்குறைய 40 லட்சம் வேலை விளம்பரங்களைப் பார்த்து 2021இல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டது. ‘தொடக்க நிலை’ என்று குறிக்கப்பட்ட விளம்பரங்களில் 35 சதவீதம் முன்னனுபவம் கேட்டன. மென்பொருள், ஐ.டி. சேவைத் துறையில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே தொடக்க நிலை விளம்பரங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ கேட்டன. அதாவது புதியவர்களுக்கான கதவு என்று எழுதி வைத்த கதவுகளில் பாதிக்கு மேல் புதியவர்களுக்குத் திறக்கவில்லை.

குழுத் தலைவரின் மின்னஞ்சல் கைமாறியதில் வந்த பிழை என்று இதை விட்டுவிட முடியாது. இங்கே கணக்கு வேறு. ‘தொடக்க நிலை’ என்று தலைப்பில் இருப்பது பெரும்பாலும் சம்பள அடுக்கின் பெயர். நிறுவனத்தில் இந்த இடத்துக்கு இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. கீழே இருக்கும் மூன்று ஆண்டு, வேலையைச் சொல்கிறது. சேர்ந்த அன்றே தனியாக உட்கார்ந்து முடித்துக் கொடுக்கும் ஆள் வேண்டும், ஆறு மாதம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கக் குழுவில் யாருக்கும் நேரமில்லை. புதியவருக்கான சம்பளத்தில் பழகியவரின் வேலை வேண்டும் என்பதைத்தான் அந்த இரண்டு வரிகளும் சேர்ந்து சொல்கின்றன. பயிற்சிக்கு ஆகும் செலவை நிறுவனம் தன் கணக்கிலிருந்து எடுத்து, வேலை தேடுபவரின் கணக்கில் வைத்துவிடுகிறது. எந்தச் சம்பளமும் இல்லாத மாதங்களில் அதை அவர் எப்படியோ கட்ட வேண்டும்.

மீம்கள் இந்த இடத்தில்தான் பிறந்தன. அவற்றில் இரண்டு வகை எல்லோருக்கும் தெரியும். ஒன்று கணக்குப் போடும் மீம்: வயது இருபத்திரண்டு, அனுபவம் பத்து ஆண்டு, அப்படியானால் ஆறாம் வகுப்பு விடுமுறையில் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவது. இன்னொன்று சுற்றி வரும் மீம். 1967இல் வந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூன் தொடரில் ஒரே உடையில் இருக்கும் இரண்டு ஸ்பைடர்மேன்கள் ஒருவரையொருவர் விரல் நீட்டிச் சுட்டும் காட்சி உண்டு. ஒருவர் மேல் ‘வேலை’ என்றும் இன்னொருவர் மேல் ‘அனுபவம்’ என்றும் எழுதினால் போதும். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். தமிழில் இதே விஷயத்துக்கு வடிவேலுவின் முகங்கள் போதும். நேர்காணலில் கேட்ட கேள்விக்கு முதலில் நம்பிக்கையோடு சிரித்து, பிறகு விளங்காமல் விழித்து, கடைசியில் அழுதுவிடும் நிலைக்குப் போகும் ஒரு முகவரிசை, ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டியதை மூன்று படத்தில் சொல்லிவிடுகிறது.

இந்த மீம்களை வெறும் பொழுதுபோக்காகக் கடந்துபோகக் கூடாது. விளம்பரத்தை எழுதியவரும் சரிபார்க்கவில்லை, வெளியிட்ட தளமும் சரிபார்க்கவில்லை. கருவி எந்த ஆண்டில் வந்தது, கேட்ட ஆண்டு எத்தனை என்ற கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் மீம் போட்டவர்கள்தான். ராமிரெஸின் குறிப்பு அந்த வகையில் மிகத் துல்லியமானது. யாரையும் திட்டவில்லை, நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்தார், அவ்வளவுதான். ‘இத்தனை ஆண்டு அனுபவம் என்றால் இவ்வளவு திறமை’ என்று சமன்பாடு போடுவதை மறுபரிசீலனை செய்ய நேரம் வந்திருக்கலாம் என்றும் கடைசியில் சேர்த்தார். பகிர்ந்தவர்களில் பலர் முதல் பாதியைப் படித்துச் சிரித்தார்கள். இரண்டாவது பாதிதான் அவர் சொல்ல வந்தது.

ஆனால் மீம்களிலும் கவனம் வேண்டும். சுற்றுக்கு வரும் விளம்பரப் படங்களில் சில யாரோ கைப்பட மாற்றியவை. நிறுவனத்தின் பெயர், தேதி, எந்தத் தளத்தில் வந்தது என்ற மூன்றும் வெட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். ஐ.பி.எம். விளம்பரத்தைப் போலச் செய்தித் தளங்கள் எடுத்து எழுதியவற்றுக்கும், மூலமே தெரியாமல் வாட்ஸ்அப்பில் ஓடும் படத்துக்கும் வித்தியாசம் உண்டு. விளம்பரத்தின் ஒரு வரியை நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேடிப் பார்ப்பது எளிய வழி.

விளம்பரத்தில் தவறான எண் இருப்பதால் என்ன கெட்டுவிடப் போகிறது, எல்லோரும் விண்ணப்பித்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். விளம்பரத்தை மனிதர்கள் மட்டும் படித்த காலத்தில் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இப்போது விண்ணப்பத்தை முதலில் வாங்குவது ஒரு மென்பொருள். விண்ணப்பிக்கும்போதே ‘இந்தக் கருவியில் உங்களுக்கு எத்தனை ஆண்டு அனுபவம்?’ என்று கேட்டு ஒரு கட்டம் வரும். அதில் எண் மட்டுமே போட முடியும். நிறுவனம் குறைந்தபட்ச எண்ணைத் தன் பக்கத்தில் முன்பே பதிந்து வைத்திருக்கும். அதை ‘கட்டாயம்’ என்று குறித்திருந்தால், எண் குறைவாக இருக்கும் விண்ணப்பம் தனிப் பட்டியலுக்குப் போய்விடும் அல்லது நிராகரிப்பு மின்னஞ்சல் தானாகப் போய்விடும். ராமிரெஸ் அந்தக் கட்டத்தில் உண்மையாக 1.5 என்று போட்டிருந்தால் கருவியை உருவாக்கியவரின் விண்ணப்பத்தை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கருவியை உருவாக்கியவர் தான் என்பதை எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் அக்செஞ்சரும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ‘மறைந்திருக்கும் தொழிலாளர்கள்’ பற்றிய ஆய்வில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவன நிர்வாகிகளிடம் கேட்டார்கள். தகுதியுள்ள உயர்திறன் ஆட்கள், விளம்பரத்தில் உள்ள நிபந்தனைகளோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதால் மென்பொருளால் கழிக்கப்படுகிறார்கள் என்று 88 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். கழித்தவர்களே சொன்னது இது. அந்த ஆய்வை நடத்திய ஜோசப் ஃபுல்லர் சொன்ன ஓர் உதாரணம் நினைவில் நிற்கும்: சில மருத்துவமனைகள் ‘கணினி நிரலாக்கம்’ என்ற சொல் இருக்கும் விண்ணப்பங்களைத் தேடின. அவற்றுக்கு உண்மையில் வேண்டியது, நோயாளியின் விவரங்களைக் கணினியில் ஏற்றத் தெரிந்த ஆட்கள்.

இப்படி ஒரு வடிகட்டியை வைத்தால் அதில் தங்குபவர்கள் யார், நழுவுபவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்து ஆறு ஆண்டான கருவியில் பன்னிரண்டு ஆண்டு கேட்டால், ‘ஆம்’ என்று பதில் சொல்லக்கூடியவர்கள் பொய் சொல்பவர்கள் மட்டுமே. உண்மை சொன்ன அத்தனை பேரும் முதல் படியிலேயே வெளியே. நம்பகமான ஆளைத் தேடும் நிறுவனம், நம்பகத்துக்கு நேர் எதிரான சோதனையை வாசலில் வைத்துவிடுகிறது.

ஃப்ரெஷர்கள் விஷயத்தில் அந்தப் பொய் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதற்குச் சந்தை இருக்கிறது. இல்லாத நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இரண்டு, மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் அச்சடித்துத் தருபவர்கள் பெரிய நகரங்களில் உண்டு. பணத்தைக் கட்டி அதை வாங்கும் இளைஞருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை உறுதியான பிறகு நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பு செய்கின்றன. அதில் பி.எஃப். கணக்கு முக்கியமான சாட்சி. 2014இலிருந்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் யு.ஏ.என். என்ற ஒரே எண். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார், எந்தெந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்பது அதில் வரிசையாக இருக்கும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பி.எஃப். சட்டத்தின் கீழ் வருகின்றன. பெரிய மென்பொருள் நிறுவனம் என்று சான்றிதழில் இருந்து, மூன்று ஆண்டில் ஒரு மாதம்கூட பி.எஃப். விழவில்லை என்றால் கேள்வி வரும். சேர்ந்து இரண்டு மாதம் கழித்துக் கேள்வி வந்தால் வேலையும் போகும், அடுத்த நிறுவனத்தில் சொல்ல வேண்டிய விளக்கமும் சேரும். நடக்காத ஒன்றைக் கேட்டு எழுதிய விளம்பரக்காரருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. முழுப் பழியும் இருபத்திரண்டு வயதுக்காரரின் தலையில் விழுகிறது. அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கு விலை வைத்துக் கேட்டது விளம்பரம்.

இவ்வளவு விலை கொடுத்துப் பிடித்துவைக்கும் அந்த ஆண்டுக் கணக்கு உண்மையில் எதையாவது சொல்கிறதா? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த சாட் வான் இடகிங்கேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 81 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து 2019இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வேலையில் சேரும் முன் ஒருவருக்கு இருந்த அனுபவத்துக்கும், சேர்ந்த பிறகு அவர் வேலை செய்த விதத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பது கேள்வி. முழுத் தொடர்புக்கு 1 என்று வைத்தால், தொடர்பே இல்லாததற்கு 0. கிடைத்த எண் 0.06. புது நிறுவனத்தில் அவர் நிலைத்திருப்பாரா என்பதோடு அனுபவத்துக்குத் தொடர்பே காணப்படவில்லை.

இதை வைத்து அனுபவமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அறுவை சிகிச்சை செய்பவரிடமும் விமானம் ஓட்டுபவரிடமும் மணிக்கணக்கு கேட்கத்தான் வேண்டும். அங்கே கேட்பது என்ன என்பதைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். விமானியிடம் ‘எத்தனை ஆண்டு’ என்று கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் பறந்தார், எந்த வகை விமானத்தில் பறந்தார் என்று பதிவேட்டைக் கேட்கிறார்கள். செய்த வேலை கணக்கில் வருகிறது. மென்பொருள் விளம்பரத்தில் கேட்கும் ‘மூன்று ஆண்டு ரியாக்ட்’ காலண்டரை மட்டும் எண்ணுகிறது. மூன்று ஆண்டும் ஒரே பக்கத்தின் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தவரும், முதல் ஆறு மாதத்திலேயே ஒரு முழுச் செயலியை மக்கள் கையில் கொடுத்தவரும் அந்தக் காலண்டரில் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள், அதுவும் தலைகீழாக.

எண்ணை எடுத்துவிட்டு எழுதுவது கடினமான காரியமில்லை. குழுத் தலைவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: சேரும் ஆள் முதல் மூன்று மாதத்தில் என்ன செய்ய வேண்டும்? ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரியாக்ட் செயலியில் புதுப் பக்கம் சேர்க்கத் தெரிய வேண்டும், பிழை வந்தால் எந்த வரியில் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், தான் எழுதியதற்குச் சோதனை எழுத வேண்டும்’ என்று பதில் வந்தால், அதையே விளம்பரத்தில் போட்டுவிடலாம். அதைச் சோதிக்க இரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரு சிறு வேலை கொடுத்தால் போதும். கல்லூரியில் படிக்கும்போதே கிட்ஹப்பில் நிரல் எழுதிப் பழகியவர் அதில் தேறிவிடுவார். அவருடைய பி.எஃப். கணக்கு காலியாக இருப்பது ஒரு தடையாகாது.

வேலை தேடுபவர் பக்கத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு விளம்பரத்தை வகை பிரிப்பது முதல் வேலை. கருவியின் வயதை மீறி ஆண்டு கேட்கும் விளம்பரத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்: கருவியின் கிட்ஹப் பக்கத்தில் வெளியீடுகளின் பட்டியல் இருக்கும், பைத்தான் கருவியாக இருந்தால் பைபிஐ தளத்தில் வெளியீட்டு வரலாறு இருக்கும். கடைசி வரை கீழே போனால் பிறந்த தேதி கிடைக்கும். கேட்டது அதைவிட அதிகம் என்றால் அது யாரோ பெயர் மாற்றி ஒட்டிய வரி. அந்த வேலைக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம், ஏனென்றால் அந்த நிபந்தனையை உண்மையாக நிறைவு செய்யும் போட்டியாளர் உலகத்தில் ஒருவரும் இல்லை. கட்டத்தில் உண்மையான எண்ணைப் போட்டுவிட்டு, குழுத் தலைவர் யார் என்று லிங்க்ட்இன்னில் தேடி, கருவி வந்த தேதியையும் தான் அதில் செய்ததையும் நான்கு வரியில் நேராக எழுதி அனுப்புவது மென்பொருளைச் சுற்றிப் போகும் நேர்மையான வழி.

ஃப்ரெஷர் என்று தலைப்புப் போட்டு மூன்று ஆண்டு கேட்கும் விளம்பரம் வேறு. அங்கே கேட்க வேண்டியது சம்பளமும் பயிற்சியும். முதல் அழைப்பிலேயே, சேர்ந்ததும் எத்தனை வாரம் பயிற்சி, யாரிடம் சந்தேகம் கேட்பது, இதே இடத்தில் முன்பு இருந்தவர் எவ்வளவு நாள் இருந்தார் என்று கேட்டுவிடலாம். மூன்று கேள்விக்கும் நேரான பதில் வந்தால் அந்த மூன்று ஆண்டு என்பது யாரோ யோசிக்காமல் போட்ட எண். மூன்றுக்கும் மழுப்பல் வந்தால், புதியவரின் சம்பளத்தில் பழகியவரின் வேலை என்பது உறுதியாகிவிட்டது. சேரலாமா என்பதை வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாடகையும் கல்விக் கடனும் காத்திருக்கும்போது அந்த வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டி வரலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பது ஒரு சிறிய வகை. இரண்டு ஆண்டு கேட்டு, விண்ணப்பிப்பவருக்கு ஒன்றரை ஆண்டு இருப்பது. தாரா மோர் 2014இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரைக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடமும் பெண்களிடமும், தகுதி முழுதாகப் பொருந்தாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார். இரு தரப்பிலும் அதிகம் பேர் சொன்ன காரணம், தன்னம்பிக்கை இல்லாமை இல்லை. ‘தகுதி இல்லை என்று எழுதியிருக்கிறார்களே, எடுக்க மாட்டார்கள், எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்’ என்பதுதான். விளம்பரத்தில் இருந்த எண்ணை அவர்கள் சட்டம் என்று நம்பினார்கள். அந்த எண் பல சமயம் பழைய விளம்பரத்திலிருந்து ஒட்டிய எண் என்று தெரிந்திருந்தால் அவர்களில் பலர் விண்ணப்பித்திருப்பார்கள்.